பொயிட்டு வாங்க: ஒரு வழியனுப்புக் கடிதத்தை எழுத்தெழுத்தாகப் படித்தால்

எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு நடத்தும் இரவுப் பள்ளி எவ்வளவு தூரம் வேலை செய்திருக்கிறது என்று யாராவது கேட்டால், தேர்வுத் தாளை எடுத்துக் காட்ட மாட்டேன். டீச்சர் ஊரை விட்டுப் போகும்போது அந்த மாணவர்கள் எழுதிக் கொடுத்த கடிதத்தைத்தான் காட்டுவேன். தேர்வில் கேள்வி ஏற்கெனவே அச்சாகியிருக்கும், பதிலுக்கு இடமும் விட்டிருப்பார்கள். கடிதத்தில் வெறும் தாள் மட்டும்தான். என்ன சொல்வது, எந்த வார்த்தையில் சொல்வது, அந்த வார்த்தைக்கு எந்த எழுத்து என்று எல்லாவற்றையும் எழுதுகிறவரே முடிவு செய்ய வேண்டும்.

போன பங்குனியில் புதுவயலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் அப்படிப் பதினான்கு கடிதங்களைப் பார்த்தேன். 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது திருமயம் பக்கத்துச் செட்டிநாட்டு ஊர்களில் நானும் தொண்டராக இருந்தவன். அப்போதிருந்து இந்த மாதிரிக் கடிதங்களை எழுத்தெழுத்தாகப் பார்க்கிற பழக்கம் எனக்கு உண்டு. அந்தப் பதினான்கில் ஒன்றை மட்டும் இங்கே முழுதாகப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் பள்ளியைப் பற்றிக் கொஞ்சம். பழைய வீடு ஒன்றின் முகப்பில்தான் வகுப்பு. வீட்டுக்காரர்கள் சென்னையில் இருக்கிறார்கள். வருஷத்தில் ஒரு முறை படைப்புக்கு வருவார்கள். அந்த நாலைந்து நாள் மட்டும் வகுப்பு பிள்ளையார் கோயில் மண்டபத்துக்கு மாறும். மற்ற நாளெல்லாம் வீட்டைப் பார்த்துக்கொள்கிற அம்மா முகப்பைத் திறந்து, ஒரு டியூப் லைட்டைப் போட்டு, பாய் விரித்து வைப்பார். அவரும் மாணவிதான். அந்த வீட்டின் பரணில் மூன்று தலைமுறைக் கணக்கு நோட்டும் மொய் ஏடும் கட்டுக்கட்டாக இருக்கின்றன. இருபது வருஷமாக அவற்றைத் தூசி தட்டி வைத்தவருக்கு, போன ஆவணி வரை அவற்றில் ஒரு எழுத்துகூடத் தெரியாது.

மொத்தம் பதினொரு பெண்கள், மூன்று ஆண்கள். அரிசி ஆலை வேலைக்குப் போகிறவர்கள், நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள், வீட்டு வேலை செய்கிறவர்கள். ஆத்தங்குடிப் பூக்கல் பதிக்கிற அண்ணன் ஒருவரும் உண்டு. டீச்சர் பி.எட். முடித்த இருபத்து மூன்று வயதுப் பெண், தன்னார்வலர், சம்பளம் கிடையாது. 2022இல் தொடங்கிய புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் இந்த வகுப்பை 200 மணி நேரம் நடத்தச் சொல்கிறது. இரவு ஏழரைக்கு ஆரம்பித்து ஒன்பது மணிக்கு முடித்தால் ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரம். அப்படியானால் 134 இரவுகள் வேண்டும். வாரத்துக்கு ஐந்து நாள் தவறாமல் நடந்தால் ஆறு மாதத்தில் முடிந்துவிடும். ஆனால் நடவு வரும், அறுப்பு வரும், கல்யாணம், சாவு, மழை, கரண்ட் கட் எல்லாம் வரும். ஆவணியில் ஆரம்பித்தது பங்குனியில்தான் முடிந்தது. முடிந்த கையோடு டீச்சருக்கு வெளியூரில் வேலை கிடைத்து, கிளம்ப நாளும் குறித்தாகிவிட்டது.

முதலில் எல்லாரும் பேசியது சேலை வாங்கிக் கொடுப்பதைப் பற்றித்தான். காசு சேர்த்து, காரைக்குடியில் எடுத்து, ஒரு போட்டோ பிடித்துக்கொள்ளலாம் என்று. வீட்டைப் பார்த்துக்கொள்கிற அந்த அம்மாதான் மாற்றிச் சொன்னார்: "சேலை யாரு வேணாலும் எடுத்துக் குடுப்பாக. அந்தப் புள்ள நமக்கு எழுத்தத்தானே குடுத்துச்சு, நாம எழுதியே குடுப்போம்." சரி என்று முடிவானது. ஆளுக்கு ஒரு தாள். டீச்சருக்குத் தெரியக் கூடாது. யாரும் யாருக்கும் சொல்லித் தரக் கூடாது.

அரிசி ஆலைக்குப் போகிற ஒரு ஆத்தா எழுதியது இது. வயது அறுபதைத் தாண்டியிருக்கும். அவர் எழுதியபடியே தருகிறேன்:

டிச்சர்கு
நிங்க வந்தப்ப எனக்கு பேனா புடிக தெரியாது
இப்ப பஸ் போடு படிகிறேன்
புதுவயல் பஸ்ல நானே ஏரி போறேன்
மருமவ கிட்ட கேகல
பொயிட்டு வாங்க

இருபத்தோரு வார்த்தை. எழுத அவருக்கு இரண்டு இரவு ஆனது. தேசிய எழுத்தறிவு இயக்கம் 1988இல் தொடங்கியபோது, எழுத்தறிவு பெற்றவர் என்று ஒருவரைச் சொல்ல ஒரு அளவு வைத்தது. எளிய பத்தியை வாய்விட்டு நிமிடத்துக்கு 30 வார்த்தை வேகத்தில் படிக்க வேண்டும், பார்த்து எழுதுவது நிமிடத்துக்கு 7 வார்த்தை, சொல்லச் சொல்ல எழுதுவது 5 வார்த்தை. ஆத்தா சொல்லச் சொல்ல எழுதுவதில் அந்த ஐந்தை எட்டியவர்தான். அந்தக் கணக்குப்படி இந்தக் கடிதம் நாலு நிமிஷ வேலை. ஆனால் சொல்லித் தர ஆள் இல்லாமல், சொல்லவேண்டியதையும் தானே யோசித்து எழுதும்போது நாலு நிமிஷம் இரண்டு இரவாகிவிடுகிறது. அதனால்தான் சொல்வதை எழுதுவதோடு நின்றுவிடும் வகுப்பை நான் முழு வகுப்பாக எண்ணுவதில்லை.

இப்போது பிழைகளைப் பார்க்கலாம். இவற்றில் பாதி, பிழையே இல்லை. 'புடிக', 'மருமவ' இரண்டும் அவர் பேசுகிற தமிழ். பிடிக்க என்பதைப் புடிக்க என்றும், மருமகளை மருமவ என்றும்தான் இங்கே எல்லாரும் சொல்கிறோம். தமிழில் எழுதக் கற்றுக்கொள்கிறவர் ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்கிறார். ஒன்று, ஒலிக்கு எழுத்தைக் கண்டுபிடிப்பது. இன்னொன்று, வாயில் வருகிற தமிழைப் புத்தகத் தமிழுக்கு மாற்றுவது. இடம் என்று எழுதியிருப்பதை எடம் என்றும், விளக்கை வெளக்கு என்றும், உடம்பை ஒடம்பு என்றும் சொல்லிப் பழகியவருக்கு, புத்தகத்தில் இருக்கிற வார்த்தை தன் வார்த்தைதான் என்று பிடிபடவே சில நாள் ஆகும். "வெளக்குன்னு சொல்றோம், ஏன் இ-ன்னா போட்டிருக்கு?" என்று கேட்டு மல்லுக்கு நின்றவர்களை நான் 1991இலேயே பார்த்திருக்கிறேன். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லாமல் 'அப்படித்தான் எழுதணும்' என்று மட்டும் சொல்லிவிட்டால், மறுநாள் அந்தப் பாயில் ஆள் இருக்காது.

'மருமவ' என்ற சொல் எந்தப் பாடப் புத்தகத்திலும் கிடையாது. கரும்பலகையிலும் டீச்சர் எழுதியிருக்க மாட்டார். அப்படியென்றால் ஆத்தா அதை எங்கிருந்தும் பார்த்து எழுதவில்லை. ம, ரு, ம, வ என்று ஒலி ஒலியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எழுத்தைத் தானே தேடிப் போட்டிருக்கிறார். அதிலும் 'ரு' லேசான எழுத்து இல்லை. ஆகாரத்துக்கு ஒரு கால், இகரத்துக்கு ஒரு கொக்கி என்று ஒரு அடையாளம் கற்றுக்கொண்டால் எல்லா எழுத்திலும் அதையே போட்டுவிடலாம். உகரத்துக்கு அப்படி ஒரே அடையாளம் கிடையாது. கு ஒரு மாதிரி வளையும், சு ஒரு மாதிரி, மு வேறு மாதிரி, ரு இன்னொரு மாதிரி. பதினெட்டு மெய்க்கும் குறில் நெடில் சேர்த்து 36 வடிவங்களை ஏறக்குறைய தனித்தனியாகக் கண்ணில் ஏற்றிக்கொள்ள வேண்டும். 247 எழுத்து என்று பயமுறுத்துவார்கள். உண்மையில் அந்தக் கணக்கில் பெரும்பகுதி கொஞ்சம் அடையாளங்களைத் திரும்பத் திரும்பச் சேர்ப்பதுதான். சிரமம் இந்த 36இல்தான் இருக்கிறது. ஆத்தாவின் கடிதத்தில் புடிக, தெரியாது, போடு, புதுவயல், மருமவ என்று அவை வரிசையாக வருகின்றன. எதிலும் தப்பு இல்லை.

'ஏரி' என்பதைப் பார்த்தவுடன் சிரிப்பு வரலாம். ஏறிப் போவது ஏரியாகிவிட்டது. ஆனால் அவர் வாயில் இரண்டுக்கும் ஒரே ஒலிதான். நம்மில் பலருக்கும் அப்படித்தான். நாம் ற எது, ர எது என்று பார்த்துப் பார்த்து மனதில் வைத்திருக்கிறோம், காதால் கேட்டு இல்லை. ஆத்தா காதை நம்பி எழுதியிருக்கிறார், காது சொன்னது சரி. 'பொயிட்டு' என்பதும் அதே கதைதான். 'போடு', 'போறேன்' இரண்டிலும் நெடிலைச் சரியாகப் போட்டவர் இதில் மட்டும் ஏன் குறிலாக்கினார்? வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். வேகமாகச் சொல்லும்போது நாமும் குறிலாகத்தான் சொல்கிறோம்.

கைப்பிழைகள் வேறு. 'டிச்சர்', 'நிங்க' என்ற இரண்டிலும் நெடிலுக்கான சுழி விட்டுப்போயிருக்கிறது. அது காதில் கேட்காததால் இல்லை, அந்தச் சின்னச் சுழிப்பில் கை இன்னும் பழகாததால். அப்புறம் 'டிச்சர்கு', 'புடிக', 'படிகிறேன்', 'கேகல' என்ற நான்கிலும் ஒரே இடத்தில் ஓட்டை. நான்கிலும் 'க்' காணவில்லை. ஆனால் வந்தப்ப, இப்ப என்பவற்றில் 'ப்' இருக்கிறது, பொயிட்டு என்பதில் 'ட்' இருக்கிறது, டிச்சரில் 'ச்' இருக்கிறது. மெய்யெழுத்து இரட்டிக்கும் என்பது அவருக்குத் தெரியும், 'க்க' மட்டும்தான் தெரியவில்லை. 'எனக்கு' என்பதில் அது சரியாக இருக்கிறதே என்றால், அது முதல் மாதத்திலிருந்து தினமும் பார்த்த முழு வார்த்தை, படம் மாதிரி மனதில் பதிந்துவிட்டது.

டீச்சரின் வருகை நோட்டைப் புரட்டினோம். அவர் முதலில் நடத்தியது ப, ட, ம என்ற மூன்று எழுத்தும், கால், புள்ளி என்ற இரண்டு அடையாளமும்தான். அகர வரிசையில் போகவில்லை. இந்த ஐந்தை வைத்தே படம், பாடம், மாடம், மாமா, பட்டா, பட்டம், மட்டம் என்று ஏழு வார்த்தை படித்துவிடலாம். முதல் வாரத்திலேயே பட்டா என்று தானாகப் படித்தவர் இரண்டாம் வாரம் கட்டாயம் வருவார். அ, ஆ, இ, ஈ என்று உயிரெழுத்து பன்னிரண்டையும் எழுதி முடிக்கிறவரை ஒரு வார்த்தைகூடப் படிக்க முடியாது. நாள் முழுக்க உழைத்துவிட்டு வருகிறவர் அவ்வளவு நாள் காத்திருக்க மாட்டார். அப்புறம் ச, ர, ல என்று போய், 'அக்கா, பக்கம், சக்கரம்' நடத்தியது ஐப்பசியில், நடவு நேரத்தில். அந்த ஒன்பது நாளும் ஆத்தா பெயருக்கு நேரே கோடுதான் போட்டிருந்தது. அவர் வயலில் இருந்தார். ஐந்து மாதம் கழித்து எழுதிய கடிதத்தில் அந்த ஒன்பது நாள் அப்படியே தெரிகிறது.

புள்ளியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். புதிதாக எழுதுகிறவர்கள் எல்லாருக்கும் முதலில் விட்டுப்போவது புள்ளிதான். பட்டம் என்று எழுதச் சொன்னால் 'படடம' என்று நிற்கும். இந்த டீச்சர் அதைத் திருத்திய விதம் எனக்குப் பிடித்திருந்தது. இந்தப் பெண்கள் எல்லாரும் பொழுது விடிந்தால் புள்ளி வைத்துக் கோலம் போடுகிறவர்கள், தை மாதம் நடுவீட்டுக் கோலம் போடுகிறவர்கள். "அக்கா, கோலத்துல புள்ளிய முதல்ல வச்சுட்டு அப்புறம் இழை இழுப்பீங்க. இங்க இழைய இழுத்துட்டுக் கடைசியா புள்ளி. எத்தனை புள்ளின்னு எண்ணிட்டுத்தான் கையை எடுக்கணும்" என்றார். அதிலிருந்து ஒவ்வொரு வரி முடிந்ததும் விரலை வைத்து எண்ணுவார்கள். ஆத்தா கடிதத்தில் 'க்' என்ற எழுத்தே விட்டுப்போயிருக்கிறதே தவிர, எழுதிய மெய்யெழுத்தில் ஒன்றுகூடப் புள்ளியில்லாமல் இல்லை.

இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. 'படிகிறேன்' என்று ஒரு வரி, 'போறேன்' என்று அடுத்த வரி. முதலாவது புத்தகத் தமிழ், க் மட்டும்தான் குறைகிறது. இரண்டாவது அவர் வாய்த் தமிழ். ஏன் இந்தக் கலப்பு? படிப்பது என்பதே அவருக்கு இந்தப் பள்ளியில் அறிமுகமான வேலை. அதற்கான சொல்லும் இங்கே கேட்டபடியே வந்திருக்கிறது. போவது அறுபது வருஷமாக அவரே செய்கிற வேலை. இதைத் திருத்தக் கூடாது என்று நான் நினைக்கிறேன்.

பதினான்கில் ஒரு கடிதம் மட்டும் பிழையே இல்லாமல் இருந்தது. 'அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு' என்று ஆரம்பித்து, 'பிரியாவிடை' என்ற வார்த்தையெல்லாம் போட்டு, அழகான பத்தியாக. பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. எழுத்துகள் எல்லாம் ஒரே உயரம், ஒரே அழுத்தம். வார்த்தைக்கும் வார்த்தைக்கும் நடுவில் இடைவெளி விடும் இடத்தில் விடாமல், ஒரு எழுத்தின் நடுவில் விட்டிருந்தது. 'பே' என்ற எழுத்தில் கொம்பு தனியாக முந்தின வரியின் கடைசியிலும் 'ப' அடுத்த வரியிலும் இருந்தன. கொம்பும் எழுத்தும் சேர்ந்துதான் ஒரு ஒலி என்று தெரிந்தவர் அப்படி உடைக்க மாட்டார். பேரன் எழுதிக் கொடுத்ததைப் பார்த்துப் பார்த்து அந்த அக்கா எழுதியிருக்கிறார். படிக்கச் சொன்னால் கடகடவென்று சொல்வார். நடுவில் ஒரு வார்த்தையில் விரல் வைத்து இது என்ன என்றால், முதல் வார்த்தையிலிருந்து மனப்பாடமாக ஆரம்பித்து அங்கே வந்து சேர்வார்.

கையெழுத்து மட்டும் போடக் கற்றவர்களிடம் இது இன்னும் தெளிவாகத் தெரியும். சிகப்பி என்று ஒருவர் பெயர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கைநாட்டு வைத்துக்கொண்டிருந்தவர் இப்போது அழகாகச் 'சிகப்பி' என்று போடுகிறார். அவரிடம் 'கப்பி' என்று எழுதச் சொன்னால், சாலை போடும்போது தினமும் பார்த்த கப்பிதான், எழுத வராது. பெயர் அவருக்கு எழுத்துகளாக இல்லை, ஒரே படமாக இருக்கிறது. தமிழ்நாட்டில் 2011 கணக்கெடுப்பின்படி பெண்களில் 73.44 சதவீதம் பேர் எழுத்தறிவு பெற்றவர்கள். வீட்டுக்கு வந்து கணக்கெடுக்கிறவர் கேட்டு எழுதிக்கொண்டு போவதுதான் அந்தக் கணக்கு. யாரையும் உட்கார வைத்துப் படிக்கச் சொல்வதில்லை. இந்த மாதிரிக் கையெழுத்துகள் அதில் எந்தப் பக்கம் சேர்ந்தன என்று கணக்கைப் பார்த்துச் சொல்ல முடியாது.

அந்த அக்காவை டீச்சர் யார் முன்னாலும் எதுவும் கேட்கவில்லை. கடிதத்தை வாங்கிப் படித்து, "ரொம்ப நல்லா இருக்குக்கா. கீழ ஒரே ஒரு வரி, உங்களுக்குத் தோணினத எழுதிக் குடுங்க" என்று பேனாவைக் கையில் கொடுத்தார். அக்கா கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுதினார்: 'நிங்க சாபுட்டு போங்க'. அந்த ஒரு வரிதான் அவருடைய கடிதம். அதுவும் பார்த்து எழுதியதில்லை என்று 'சாபுட்டு' சொல்லிவிடுகிறது. ஆக, எட்டு மாதத்தில் அவரும் எழுதக் கற்றிருந்தார். தன் எழுத்து கொடுக்கிற அளவுக்கு இல்லை என்று நினைத்துத்தான் பேரனிடம் போயிருக்கிறார். முதியோர் கல்வியில் இதை அடிக்கடி பார்க்கலாம். தெரியாததால் எழுதாமல் இருப்பவர்களைவிட, தெரிந்ததைக் காட்டக் கூச்சப்பட்டு எழுதாமல் இருப்பவர்கள் நான் பார்த்தவரை அதிகம்.

கடிதத்தை எப்படி முடிப்பது என்பதில் முந்தின நாள் பெரிய பேச்சு நடந்திருக்கிறது. 'நன்றி, வணக்கம்' என்று போடணும் என்றார் பூக்கல் அண்ணன், மேடையில் அப்படித்தான் முடிக்கிறார்கள் என்று. பேரன் சொன்ன 'பிரியாவிடை' யாருக்கும் பிடிக்கவில்லை. "அது என்னத்தா, செத்தவகளுக்குப் போடுற மாதிரி இருக்கு" என்று ஒரு அம்மா சொல்லிவிட்டார். வீட்டை விட்டுக் கிளம்பும்போது 'போறேன்' என்று மட்டும் சொன்னால் நம் ஊரில் கண்டிப்பார்கள், போயிட்டு வரேன் என்று சொல்லு என்று. வழியனுப்புகிறவரும் போயிட்டு வாங்க என்றுதான் சொல்ல வேண்டும். வாயில் அறுபது வருஷமாக இருக்கிற வார்த்தை. ஆனால் எழுத்தில் யாரும் பார்த்ததில்லை, பாடத்திலும் இல்லை. அதனால் பேரனிடம் போன அக்காவைத் தவிர மற்ற பதின்மூன்று பேரும் அதைத் தங்கள் காதுக்குத் தெரிந்தபடி எழுதினார்கள். 'பொயிட்டு', 'போய்டு', 'பொய்ட்டு', 'போயிடு' என்று நாலைந்து விதம். எனக்கு அந்தப் பதின்மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தான் ஆசையாக இருந்தது. சொந்த வார்த்தைக்கு எழுத்து தேடியவர்களின் பதின்மூன்று முயற்சிகள்.

சனிக்கிழமை சாயங்காலம் வெள்ளைப் பணியாரமும் மிளகாய்ச் சட்னியும் செய்திருந்தார்கள். அவரவர் கடிதத்தை அவரவரே வாய்விட்டுப் படித்தார்கள். ஆத்தா படித்து முடிக்க ஒன்றரை நிமிஷம் ஆனது. 'ஏரி' என்று எழுதியதைச் சரியாக ஏறி என்றுதான் படித்தார், அவருக்கு அதில் ஒரு வித்தியாசமும் இல்லை. பூக்கல் அண்ணன் ஒரு பூக்கல்லைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். டீச்சர் அழுதது, ஆத்தா கன்னத்தைத் தொட்டு நெட்டி முறித்தது எல்லாம் நடந்தது.

ஆனால் அன்றைக்கு எனக்கு உள்ளூர ஒரு பயம் இருந்தது. அறிவொளி முடிந்து பத்து வருஷம் கழித்துத் திருமயம் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, என்னிடம் எழுதப் படித்த ஒரு அம்மா பேங்க் ஃபாரத்தில் மறுபடி கைநாட்டு வைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். வகுப்பு நின்று ஒரு வருஷத்தில் எழுத்து மறந்துவிட்டதாகச் சொன்னார். 200 மணி நேரத்தில் வருகிற படிப்பு நெருப்புக் குச்சி மாதிரி. பற்றவைத்த கையோடு அடுப்பில் வைக்க வேண்டும். நிமிடத்துக்கு 30 வார்த்தை வேகம் இருந்தால்தான் ஒரு வரியின் கடைசிக்கு வரும்போது அதன் முதல் வார்த்தை நினைவில் இருக்கும். பத்து வார்த்தைக்கு இறங்கிவிட்டால் எழுத்தைக் கூட்டுகிறோமே தவிர அர்த்தம் வராது. அர்த்தம் வராவிட்டால் படிக்கத் தோன்றாது, படிக்காவிட்டால் வேகம் இன்னும் இறங்கும். நின்றுபோவது இப்படித்தான், ஒரே நாளில் மறப்பதில்லை. அப்போதும் இதைத் தெரிந்துகொண்டுதான் வளர்கல்வி மையங்கள் என்று பின்னால் தொடங்கினார்கள். எங்கள் பக்கம் அது வந்து சேர்வதற்குள் பலருக்கு வேகம் போய்விட்டது.

இந்த டீச்சர் அதற்கு இரண்டு காரியம் செய்திருந்தார். கடைசி மூன்று வாரமும் புத்தகத்தை மூடிவிட்டு, ஆளுக்கு ஒரு பொருளைப் படிக்கக் கொடுத்தார். ஆத்தாவுக்குப் பஸ் போர்டு. அதுவரை பெண்களுக்குக் காசில்லாத பஸ்ஸை முன்பக்கத்து நிறத்தை வைத்தும், எந்த ஊர் போகிறது என்பதை மருமகளைக் கேட்டும் ஏறிக்கொண்டிருந்தவர் அவர். புதுவயல், காரைக்குடி, தேவகோட்டை என்று மூன்று பெயரை நின்ற இடத்திலிருந்து படிக்கப் பழக்கினார். ஓடிவரும் பஸ்ஸில் போர்டு கண்ணுக்குத் தெரிவது சில வினாடிதான், அதனால் இது வேகத்துக்கான பயிற்சியும்கூட. வீட்டைப் பார்த்துக்கொள்கிற அம்மாவுக்கு மொய் ஏடு. பூக்கல் அண்ணனுக்கு எண்ணெல்லாம் முன்பே தெரியும், அடிக்கணக்கு மனதிலேயே போடுவார். அவருக்குச் சிமெண்டு மூட்டையிலும் சாயப் பொடிப் பொட்டலத்திலும் எழுதியிருப்பது. ஒவ்வொன்றும் வாழ்க்கையில் தினமும் எதிரே வந்து நிற்கிற எழுத்து. டீச்சர் இல்லாவிட்டாலும் அது வரும்.

இரண்டாவது, அஞ்சலட்டை. இப்போதும் ஒரு அட்டை 50 பைசாதான். பதினான்கு ரூபாய்க்கு இருபத்தெட்டு அட்டை வாங்கி, தன் புது விலாசத்தைத் தானே எழுதி, ஆளுக்கு இரண்டு கொடுத்தார். "ஒண்ணு வைகாசியில போடுங்க, இன்னொண்ணு ஆடியில. யார்கிட்டயும் காட்டாதீங்க, பிழை இருந்தா இருக்கட்டும்." போன் எல்லார் வீட்டிலும் இருக்கிறது, பேசிவிடலாம். பேசினால் எழுத வேண்டியிருக்காது, அதனால்தான் அட்டை.

வழியனுப்புக் கடிதங்களில் அவர் ஒரு பிழையையும் திருத்தவில்லை. சிவப்பு மையால் சுழித்துக் கொடுத்தால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும்: அடுத்த கடிதத்தை மறுபடி பேரன்தான் எழுதுவான். அதற்குப் பதிலாக, புது ஊருக்குப் போய் ஒவ்வொருவருக்கும் பதில் எழுதினார். அவரவர் பிழையாக எழுதிய வார்த்தைகளையே பொறுக்கி எடுத்து, சரியான எழுத்தில், பெரிய எழுத்தாக. ஆத்தாவுக்கு வந்த பதில் இது: 'நீங்க பஸ்ஸில் ஏறிப் போவதை நினைத்தால் சந்தோஷமாக இருக்கிறது. மருமகளிடம் கேட்காமல் நீங்களே படிக்கிறீர்கள். அடுத்த முறை வரும்போது நானும் உங்களோடு ஏறி வருகிறேன்.' ஆத்தா அதை ஒரு நாளைக்கு ஒரு முறையாவது எடுத்துப் படிப்பதாக மருமகள் சொன்னார். நாலு வரியை ஐம்பது முறை படித்தால், ஏறி என்பதை நூறு முறை பார்த்தாகிவிடும்.

வைகாசி முடிவதற்குள் டீச்சருக்கு ஒன்பது அட்டை வந்து சேர்ந்தது. ஆத்தாவின் அட்டையைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பியிருந்தார்:

டிச்சர்கு
நல்லா இருகேன்
தேவகோட்டை பஸ்ல ஏறி போனேன்
நீங்க எப்ப வருவீங்க

'ஏறி' சரியாக இருந்தது. 'நீங்க' நெடிலாகியிருந்தது. 'க்' இன்னும் வரவில்லை. 'டிச்சர்' அப்படியேதான் இருந்தது. தான் அனுப்பிய பதில் கடிதத்தின் அடியில் டீச்சர் தன் பெயரைத்தான் எழுதியிருந்தார், 'டீச்சர்' என்று எழுதவில்லை.